ஓஎல்இடி போனில் மூன்று மணி நேர ஆட்டம்: வெளிச்சம் எவ்வளவு, எந்த நிற முறை?

2023 மே மாதம் பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தபோது ஆட்ட நேரத்துக்கு ஒரு வரம்போடு வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம். அந்த 3 மணி நேரத்தையே இங்கே ‘நீண்ட ஆட்டம்’ என்று வைத்துக்கொள்வோம். இரவு நேரம், டியூப்லைட் எரியும் அறை, 6.7 அங்குல ஓஎல்இடி திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி. நடுத்தர விலையில் போன் வாங்கியவர்களில் நிறையப் பேருடைய நிலைமை இதுதான்.

முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. பிரைட்னெஸ் ஸ்லைடரை எங்கே நிறுத்துவது? நிற முறையை Vivid-இல் விடுவதா, Natural-க்கு மாற்றுவதா? தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும், ஒன்றில் எடுக்கும் முடிவு மற்றதைப் பாதிக்கும். எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஆட்டோ பிரைட்னெஸை அணைத்துவிட்டு, அறை வெளிச்சத்துக்குப் பொருந்தும் ஒரே அளவில் திரையை நிறுத்துங்கள். நிறத்தை Natural-இல் வையுங்கள். இருட்டில் ஆள் தெரியவில்லை என்றால் போனின் ஸ்லைடரைத் தொடாமல், ஆட்டத்துக்குள் இருக்கும் Brightness-ஐ ஏற்றுங்கள். திரையின் துடிப்பு கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் வேறு வழி இருக்கிறது. அதையும் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு விளக்கு

எல்சிடி திரையில் பின்னால் ஒரே விளக்கு. ஆட்டத்தில் இருட்டறை வந்தாலும் பனிமலை வந்தாலும் அது ஒரே அளவு மின்சாரத்தைத்தான் குடிக்கும். ஓஎல்இடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. கறுப்பு என்றால் அந்த விளக்கு அணைந்திருக்கிறது. வெள்ளை என்றால் மூன்றும் எரிகின்றன. அதனால் ஸ்லைடர் ஒரே இடத்தில் இருந்தாலும், விகெண்டி பனி வரைபடத்தில் ஆடும்போது ஆகும் செலவு, எராங்கலில் மாலை வெளிச்சத்தில் ஆடும்போது ஆவதைவிடக் கூடுதல்.

பிரைட்னெஸ் ஏற ஏற இந்த வித்தியாசமும் பெரிதாகும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட அளவீடு இதைத் தெளிவாகக் காட்டியது. சில பிரபலமான செயலிகளை வெள்ளைப் பின்னணியிலிருந்து கறுப்புப் பின்னணிக்கு மாற்றியபோது, பிரைட்னெஸ் 100 விழுக்காட்டில் இருந்தால் சராசரியாக 39 முதல் 47 விழுக்காடு வரை மின்சாரம் மிச்சமானது. 30 முதல் 50 விழுக்காட்டில் இருந்தால் மிச்சம் 3 முதல் 9 விழுக்காடுதான். ஆட்டக்காரருக்கு இதிலிருந்து ஒன்று புரியும். ஸ்லைடரை நடுவில் வைத்துவிட்டால் எந்த வரைபடம், என்ன நிறம் என்பதெல்லாம் பேட்டரிக்குப் பெரிய விஷயமே இல்லை. உச்சியில் வைத்தால் எல்லாமே கணக்கில் ஏறும்.

மூன்று நிறங்களில் நீலத்துக்குத்தான் செயல்திறன் குறைவு. ஒரே அளவு ஒளிக்கு அது கூடுதல் மின்சாரம் கேட்கும், சீக்கிரம் தேயவும் செய்யும். நிற முறையைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

ஆட்டோவா, உச்சியா, தாள் அளவா?

ஆட்டோ பிரைட்னெஸ் நாள் முழுக்கப் போனைப் பயன்படுத்த நல்ல வசதி. வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தால் தானாகக் குறைந்துகொள்ளும். ஆட்டத்தில் அது கெடுப்பதற்குக் காரணம், போனைப் பிடிக்கும் விதம். ஒளியை அளக்கும் உணரி பெரும்பாலான போன்களில் மேல்விளிம்பில், செல்ஃபி கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போனைப் படுக்கையாகத் திருப்பினால் அந்த விளிம்பு ஒரு கையின் உள்ளங்கைக்குள் போய்விடும். கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கில் இருக்கும்போது உணரிமேல் நிழல் விழுகிறது. அறை இருட்டாகிவிட்டது என்று நினைத்துப் போன் திரையை மங்கலாக்குகிறது. விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி ஏற்றுகிறது. துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் திரை மங்கியது என்றால், பல நேரம் காரணம் இதுதான். சோதித்துப் பார்ப்பது சுலபம்: ஆட்டோவை இயக்கி, ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஆட்டத்தில் பிடிப்பதுபோலவே அரை நிமிடம் பிடியுங்கள். பிறகு உணரி இருக்கும் பக்கத்துக் கையை மட்டும் விலக்குங்கள். வெளிச்சம் நகர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. போனை மறுபக்கமாகத் திருப்பிப் பிடிப்பதால் பயனில்லை. நிழல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும், அவ்வளவுதான்.

பேருந்திலோ ரயிலிலோ ஜன்னலோரம் ஆடினால் மட்டும் ஆட்டோவுக்கு இடம் உண்டு. வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இடத்தில், கையால் ஸ்லைடரை இழுத்துக்கொண்டே ஆட முடியாது.

அடுத்தது உச்சி. ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளிவிட்டு ஆடுவதை நிறையப் பேர் விரும்புகிறார்கள். முதல் பத்து நிமிடம் படம் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் போன் சூடாகும்போது திரையின் உச்ச வெளிச்சத்தைப் போனே குறைத்துவிடும். ஸ்லைடர் 100-இல்தான் நிற்கும். திரை மட்டும் மங்கும். “என் போனில் பிரைட்னெஸ் தானாகக் குறைகிறது, ஆட்டோவும் அணைத்துத்தான் இருக்கிறது” என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் ஏசி இல்லாத அறையில் இரவிலேயே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்போம். ஆட்டத்தில் சிப் தரும் சூடு ஒன்று, உச்சியில் எரியும் திரை தரும் சூடு இன்னொன்று. சார்ஜரையும் செருகினால் மூன்றாவதும் சேரும். சாம்சங்கின் Game Booster-இல் Pause USB Power Delivery என்று ஒரு வசதி உள்ள போன்கள் இருக்கின்றன. பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் போனுக்கு மட்டும் மின்சாரம் கொடுப்பது அதன் வேலை. உங்கள் போனில் இருந்தால், செருகிக்கொண்டு ஆடும்போது அதை இயக்கிவிடுங்கள். ஒரு சூடாவது குறையும்.

திரை மங்கியதற்குக் காரணம் சூடுதானா என்று உறுதிசெய்ய, ஆண்ட்ராய்டு போனில் USB debugging-ஐ இயக்கி, adb கருவி உள்ள கணினியோடு இணைத்து இந்தக் கட்டளையை இடலாம்:

```
adb shell dumpsys battery
```

வரும் பட்டியலில் temperature என்ற வரியைப் பாருங்கள். 410 என்றிருந்தால் 41.0 டிகிரி. ஆட்டம் தொடங்கும் முன் ஒரு முறையும், திரை மங்கிய உடனே ஒரு முறையும் எடுத்து ஒப்பிட வேண்டும். கணினி இல்லாதவர்கள் இன்னும் எளிதாகப் பார்க்கலாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஸ்லைடரைத் தொடாமல், போனை மின்விசிறிக்கு நேராகப் பத்து நிமிடம் வையுங்கள். வெளிச்சம் திரும்பி வந்தால் சூடுதான் காரணம். சூடான போனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் படியும்.

மூன்றாவது வழிதான் நாங்கள் சொல்வது. அதற்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் ‘தாள் அளவு’ எனலாம். வழக்கமாக எந்த வெளிச்சத்தில் படிக்கிறீர்களோ, அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாள் எப்படித் தெரிகிறதோ, அதை ஒட்டியே திரையின் வெள்ளையும் இருந்தால் கண் உறுத்தாது. டியூப்லைட் எரியும் சாதாரண அறையில் மேசைமேல் 150 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். 150-ஐ 0.8-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால், ஒரு பரப்பின் வெளிச்சத்தை அளக்கும் அலகான நிட்டில் 38 வரும். அதாவது அந்த அறையில் தாளின் வெளிச்சம் 40 நிட்டுக்கும் குறைவு. விளம்பரத்தில் 2000 நிட், 3000 நிட் என்று போடுகிறார்களே, அது வெயிலில் திரையின் சிறு பகுதி சற்று நேரம் தொடும் உச்சம். இரவு அறைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

ஆனால் ஆட்டத்தின் படம் வெள்ளைத் தாள் அல்ல. புல், மரம், சுவர், நிழல் என்று சராசரியாக நிறைய மங்கலாகவே இருக்கும். அதனால் தாளுக்குச் சமமாக நிறுத்தாமல், அதைவிட இரண்டு மூன்று மடங்கு, அதாவது 80 முதல் 120 நிட் வரை வைத்தால் சரியாக வரும்.

நிட் அளக்கும் கருவி யாரிடமும் இருக்காது, தேவையும் இல்லை. ஆடும் இடத்தில் உட்காருங்கள். ஒரு ஏ4 தாளைப் போனுக்குப் பக்கத்தில், ஆடும்போது போன் இருக்கும் சாய்விலேயே பிடியுங்கள். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். ஸ்லைடரைக் கீழிருந்து மெதுவாக ஏற்றினால், முதலில் திரை தாளைவிடச் சாம்பலாகத் தெரியும். ஓரிடத்தில் இரண்டும் ஒன்றுபோல ஆகும். அதைத் தாண்டி, திரை தெளிவாகத் தாளைவிடப் பளிச்சென்று ஆகிற, ஆனால் விளக்குபோல் கண்ணில் அடிக்காத இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் உங்கள் அறைக்கான அளவு. இன்னொரு முறை போனை உயர்த்திப் பார்த்துவிட்டு உடனே பின்சுவரைப் பாருங்கள். சுவர் ஒரு கணம் இருண்டதுபோல் தோன்றினால் இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும்.

ஸ்லைடரில் தெரியும் எண்ணை நம்பி நண்பருக்குச் சொல்லாதீர்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் கூகுளின் ஸ்லைடர் நேர்கோட்டில் ஏறுவதில்லை. கண் வெளிச்சத்தை உணரும் விதத்துக்கு ஏற்ப அது வளைந்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஸ்லைடர் சரியாக நடுவில் நிற்கும்போது திரை தருவது உச்சத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஒட்டிய ஒளிதான். வேறு நிறுவனங்கள் தங்கள் போக்கில் வைத்திருக்கின்றன. ஆகவே உங்கள் 45-உம் அவருடைய 45-உம் ஒன்றல்ல. தாள் மட்டும்தான் இரண்டு பேருக்கும் பொது.

ஸ்லைடரை மிகவும் இறக்கினால் வரும் தொல்லைகள்

“குறைவு நல்லது என்றால் அடிமட்டத்துக்கே இறக்கிவிடலாமே?” என்று கேட்கலாம். விளக்கை அணைத்துவிட்டு ஆடுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஓஎல்இடியில் அடிமட்டத்துக்கென்று தனியாக இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது துடிப்பு. வெளிச்சத்தைக் குறைக்க நிறைய ஓஎல்இடி திரைகள் புள்ளிகளின் மின்சாரத்தைக் குறைப்பதில்லை. வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கின்றன. இதற்குத்தான் பிடபிள்யூஎம் என்று பெயர். நொடிக்கு 240 முறை துடிக்கும் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்புக்கு 4.2 மில்லி நொடி. ஸ்லைடர் கீழே இருக்கும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரிகிறது என்றால் 0.8 மில்லி நொடி ஒளி, 3.4 மில்லி நொடி இருட்டு. ஸ்லைடரை ஏற்ற ஏற்ற இருட்டின் பங்கு குறையும். சில போன்களில் ஓர் அளவுக்கு மேலே போனால் துடிப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு மாறிவிடும். புதிய போன்கள் பலவற்றில் 1920, 2160, 3840 ஹெர்ட்ஸ் என்று வேகம் ஏறியிருக்கிறது. எல்இடி விளக்குகளுக்காக 2015-இல் மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ வெளியிட்ட 1789 என்ற பரிந்துரையின்படி, முழுதாக அணைந்து எரியும் ஒளியில் ஆபத்து குறைவு என்று சொல்ல 1250 ஹெர்ட்ஸாவது வேண்டும். 240 அதற்கு வெகு கீழே.

எல்லோருக்கும் இது தலைவலி தராது. பலர் உணரவே மாட்டார்கள். ஆனால் இருபது நிமிடத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒரு அழுத்தம், நெற்றியில் வலி, எழுத்து மிதப்பதுபோல் ஒரு தோற்றம், அதுவும் பழைய எல்சிடி போனில் ஆடினால் எதுவும் இல்லை என்றால், துடிப்பைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் திரையைச் சோதிக்க இன்னொரு போனின் கேமரா போதும். அதில் Pro முறைக்குப் போய் ஷட்டரை 1/4000-க்கு வைத்து, உங்கள் வெள்ளைத் திரையை நோக்குங்கள். குறுக்கே பட்டைகள் ஓடும். அகலமான கரும்பட்டைகள் என்றால் துடிப்பு மெதுவாகவும் ஆழமாகவும் இருக்கிறது. மெல்லிய, நெருக்கமான, சாம்பல் கோடுகள் என்றால் கவலைப்பட அவ்வளவு இல்லை. இப்போது ஸ்லைடரை உச்சியிலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் பட்டைகள் திடீரென்று கறுக்கின்றனவோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போகாமல் ஆடுவதுதான் உங்களுக்கு வழி. ஒவ்வொரு முறை படம் புதுப்பிக்கப்படும்போதும் வரும் சின்னப் பள்ளம் எல்லா ஓஎல்இடியிலும் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

குறித்த அந்த இடம் உங்கள் தாள் அளவைவிட மேலே இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் மென்பொருள் மங்கல் வருகிறது. ஆண்ட்ராய்டு 12-இல் Extra dim என்று வந்த வசதி அது. செட்டிங்ஸில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்கும். ஐபோனில் Settings > Accessibility > Display & Text Size > Reduce White Point. இரண்டுமே திரையின் துடிப்பைத் தொடாமல், அதற்கு அனுப்பும் படத்தையே மங்கலாக்குகின்றன. ஸ்லைடரைக் குறித்த இடத்துக்கு மேலே நிறுத்திவிட்டு, இந்த வசதியின் தீவிரத்தைத் தாள் அளவு வரும்வரை ஏற்றுங்கள். வெளிச்சம் அதேதான், துடிப்பு மட்டும் மேலே இருந்த நிலையிலேயே நிற்கும்.

இதற்கும் விலை உண்டு. படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 256 படிகள். அதைப் பாதியாக மங்கலாக்கினால் பாதிப் படிகள்தான் மிஞ்சும். மாலை வானத்தில் வட்டவட்டமாகப் பட்டை தெரியும், இருட்டு மூலைகளில் நுணுக்கம் போகும். ஆகவே துடிப்பு தொல்லை தராதவர்கள் இதை இயக்க வேண்டிய அவசியமே இல்லை. துடிப்பால் தலைவலி வருகிறவர்களுக்கோ, கொஞ்சம் நுணுக்கத்தை விட்டுக்கொடுப்பது நிச்சயம் நல்ல வியாபாரம்.

இரண்டாவது சிக்கல் கறுப்பு விழுங்குவது. ஸ்லைடர் அடியில் இருக்கும்போது மிக மங்கலான சாம்பல் நிறங்களைப் பல திரைகளால் சரியாகக் காட்ட முடிவதில்லை. அவை ஒன்றாகக் கறுப்பில் கலந்துவிடும். வீட்டுக்குள் படிக்கட்டுக்குக் கீழே பதுங்கியிருப்பவர் தெரியாமல் போவது அப்படித்தான். இதன் தம்பிபோல இன்னொன்றும் உண்டு. முழுதாக அணைந்த புள்ளி மறுபடி எரியக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இருட்டான காட்சியில் கேமராவை வேகமாகத் திருப்பினால், கறுப்புப் பகுதிகளின் விளிம்பில் ஊதா நிறத்தில் ஒரு இழுவல் தெரியும். வெளிச்சம் குறையக் குறைய இது கூடும். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை, இது அந்தத் திரையின் இயல்பு.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. அறையை முழுதாக இருட்டாக்கிக்கொண்டு ஆடாதீர்கள். போனுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சிறிய பல்பு எரிந்தால் போதும். தாள் அளவு தானாகவே மேலே வரும், திரையும் தன் மோசமான பகுதியைவிட்டு வெளியே வரும்.

Vivid-உம் Natural-உம்

சாம்சங்கில் Settings > Display > Screen mode. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் பெயர் கொஞ்சம் மாறும், ஆனால் பளிச்சென்று ஒன்றும் இயல்பாக ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். போன் கடையில் வாங்கி வரும்போது பெரும்பாலும் Vivid-இல் இருக்கும்.

மொபைல் ஆட்டங்களை உருவாக்குகிறவர்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள்தான் வரைகிறார்கள். ஓஎல்இடி திரையால் அதைவிட அகலமான நிறங்களைக் காட்ட முடியும். Natural முறை, ஆட்டம் சொன்ன நிறத்தை அந்த எல்லைக்குள்ளேயே காட்டும். Vivid முறை அதை இழுத்து, திரையின் முழு அகலத்துக்கும் பரப்பும். புல் இன்னும் பச்சையாகும், ரத்தம் இன்னும் சிவக்கும், வானம் இன்னும் நீலமாகும். முதல் பார்வைக்கு இது பிடித்துவிடும். அதை மறுக்க முடியாது.

ஆனால் ஆட்டத்தில் நீங்கள் தேடுவது அழகான பச்சையை அல்ல. ஒரு பச்சைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு பச்சையை. ஏற்கனவே அடர்ந்த நிறங்களை மேலும் இழுக்கும்போது அவை எல்லையில் முட்டி நிற்கும். கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்த இரண்டு பச்சைகளுக்கு நடுவே இருந்த சின்ன வித்தியாசம் அங்கே தேய்ந்துபோகும். உங்கள் போனிலேயே பார்த்துவிடலாம். பயிற்சி மைதானத்தில், புதருக்கு முன்னால் பச்சை உடுப்பில் ஓர் ஆள் நிற்கிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதே படத்தை Vivid-இலும் Natural-இலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கை, தோள், புதரின் இலை ஆகியவற்றின் விளிம்பை மட்டும் கவனியுங்கள். எதில் விளிம்பு முதலில் பிடிபடுகிறதோ அதுதான் உங்களுக்கான முறை. எங்கள் கணிப்பில் பெரும்பாலானவர்களுக்கு அது Natural ஆக இருக்கும். ஆனால் மணல் வரைபடத்தில் சிலருக்கு Vivid முந்திக்கொள்ளும். அங்கே எல்லாமே வெளிறிய நிறங்கள் என்பதால், இழுப்பது அவற்றைப் பிரித்துக் காட்டும்.

நீண்ட ஆட்டத்தில் கண்ணுக்கு இதைவிட முக்கியமானது வெள்ளையின் சாயல். Vivid முறையில் வெள்ளை பொதுவாக நீலம் கலந்து, குளிர்ச்சியாக இருக்கும். Natural-இல் 6500 கெல்வினை ஒட்டி, பகல் வெளிச்சத்தின் வெள்ளையாக இருக்கும். மாற்றியதும் திரை மஞ்சள் அடித்ததுபோலத் தோன்றும். நிறையப் பேர் ஒரு நிமிடத்தில் பழைய முறைக்கே திரும்பிவிடுவது இதனால்தான். ஒரு முழு மாலை Natural-இல் விட்டுவிடுங்கள். கண் பழகிய பிறகு Vivid-ஐத் திறந்தால் அதுதான் நீலமாகத் தெரியும். நீலப் புள்ளிகள்தான் அதிகம் குடிப்பவை, சீக்கிரம் தேய்பவை என்று மேலே சொன்னோம் அல்லவா? குளிர்ந்த வெள்ளையை மணிக்கணக்கில் எரியவிடுவது அவற்றின்மேல்தான் சுமையை ஏற்றுகிறது.

Vivid-ஐ விட மனமில்லை என்றால், சாம்சங்கில் அந்த முறைக்குள்ளேயே White balance என்ற ஸ்லைடர் இருக்கிறது. அதை வெதுவெதுப்பான பக்கம் ஒன்றிரண்டு படி நகர்த்துங்கள். நிறம் பளிச்சென்றே இருக்கும், வெள்ளை மட்டும் தணியும். நடுவழிகளில் இதுதான் நல்லது.

ஒரே வேலையை மூன்று இடத்தில் செய்வது பெரிய தவறு. போனில் Vivid, ஆட்டத்தின் Graphics பக்கத்தில் Colorful, போதாததற்குப் போனின் கேமிங் மெனுவில் நிறத்தைக் கூட்டும் இன்னொரு வசதி. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தோல் நிறம் ஆரஞ்சாகி, நிழலெல்லாம் கறுத்துப்போகும். நிறத்தைக் கூட்ட வேண்டுமென்றால் ஆட்டத்துக்குள்ளேயே கூட்டுங்கள். போன் Natural-இல் இருந்து, ஆட்டம் Colorful-இல் இருந்தால், எதிரி தெரிவதற்குத் தேவையான பளிச்சு ஆட்டத்தில் மட்டும் வரும். புகைப்படங்களும் மற்ற செயலிகளும் கெடாது.

நீல ஒளி வடிகட்டி பற்றியும் ஒரு வார்த்தை. அதை இயக்கினால் கண் வலி போகும் என்று பலர் நம்புகிறார்கள். நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றிய 17 ஆய்வுகளை 2023-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. கணினித் திரையால் வரும் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. போனின் வடிகட்டியும் கண்ணாடியும் ஒன்றல்ல என்றாலும், கண் களைப்புக்கு மருந்தாக அதை நம்பி இருக்க வேண்டாம். களைப்பின் பெரும்பகுதி, கண் இமைக்க மறந்து ஒரே தூரத்தில் பார்த்துக்கொண்டே இருப்பதால் வருவது. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து லாபிக்கு வந்ததும் அறையின் மறுகோடியைப் பாருங்கள். இரவில் இதமாக இருக்கிறது என்று வடிகட்டியை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தீவிரத்தைக் கால்பங்குக்கு மேல் ஏற்றினால் நீல வட்டம், வெள்ளை வட்டம் இரண்டையும் சிறு வரைபடத்தில் பிரித்துப் பார்ப்பது கடினமாகும்.

ஒரு கணக்கு

5000 எம்ஏஎச் பேட்டரியை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட் மணி. உச்சி பிரைட்னெஸில், Vivid-இல் ஆடும் ஒரு போன் மணிக்கு 26 விழுக்காடு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 5 வாட். மூன்று மணி நேரத்துக்கு 78 விழுக்காடு. 90-இல் தொடங்கினால் கடைசி ஆட்டம் 12-இல் முடியும். இப்போது திரையைத் தாள் அளவுக்கு இறக்கியதால் 1 வாட் மட்டும் மிச்சம் என்றால் மணிக்கு 21 விழுக்காடு, மூன்று மணி நேரத்துக்கு 63. கடைசி ஆட்டம் 27-இல் முடியும். அந்த 1 வாட் பேட்டரியில் மட்டும் மிச்சமாவதில்லை. கையில் உணரும் சூட்டிலும் அதே அளவு குறைகிறது.

உங்கள் போனின் எண் வேறாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள, ஒரே வரைபடம், ஒரே கிராபிக்ஸ், ஒரே ஃபிரேம் ரேட், ஒரே வைஃபையில் முப்பது நிமிடம் உச்சியில் ஆடிப் பேட்டரி விழுக்காட்டைக் குறியுங்கள். போன் முழுதாக ஆறிய பிறகு இன்னொரு முப்பது நிமிடம் தாள் அளவில். இரண்டையும் 80-க்கும் 40-க்கும் நடுவில் செய்யுங்கள். 100-ஐ ஒட்டிய விழுக்காடுகள் பல போன்களில் மெதுவாகவே இறங்கிக் கணக்கைக் குழப்பும். ஆறாமல் இரண்டாவதைத் தொடங்கினால், சூட்டில் சிப் வேகம் குறைந்து அதுவும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். அப்புறம் எது திரையால் வந்தது என்று பிரிக்க முடியாது.

ஜாய்ஸ்டிக் தடம்

திரையில் நிழல் பதிவதைப் பற்றிய பயம்தான் பலரையும் இந்தக் கேள்விக்குக் கொண்டுவருகிறது. தினம் மூன்று மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 1095 மணி நேரம். அத்தனை நேரமும் சுடும் பொத்தான், ஜாய்ஸ்டிக் வட்டம், உயிர்ப்பட்டை, சிறு வரைபடத்தின் ஓரம் ஆகியவை ஒரே புள்ளிகளில், பெரும்பாலும் வெள்ளையாக எரிகின்றன. அந்தப் புள்ளிகள் பக்கத்துப் புள்ளிகளைவிட முன்னால் தேய்கின்றன. தேய்ந்த இடம் பிறகு வெற்றுத் திரையில் நிழலாகத் தெரியும்.

இங்கே பிரைட்னெஸ்தான் தலையாயது. ஓஎல்இடியின் தேய்மானம் வெளிச்சத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, அதைவிட வேகமாக ஏறும். பொதுவாகப் பயன்படுத்தும் கணக்கில் வெளிச்சத்தின் 1.5 முதல் 2 வரையிலான அடுக்காக வரும். 1.6 என்று எடுத்தால், வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும்போது அந்தப் புள்ளியின் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிறது. தாள் அளவில் ஆடுகிறவருக்கும் உச்சியில் ஆடுகிறவருக்கும் இரண்டு ஆண்டுக்குப் பிறகு திரையில் தெரியும் வித்தியாசம் இதிலிருந்துதான் வருகிறது. நிற முறையின் பங்கு இதில் சிறியது.

ஸ்லைடரை இறக்கியதோடு, ஆட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பொத்தான்களின் ஒளிபுகும் தன்மையைச் சரிசெய்யுங்கள். கை பழகிவிட்ட பொத்தான்களைப் பார்த்து அழுத்துவதில்லை. அவற்றைக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் அளவுக்கு, 30, 40 விழுக்காடு வரை இறக்கலாம். உயிர்ப்பட்டையையும் தோட்டா எண்ணிக்கையையும் மட்டும் தொடாதீர்கள். அவற்றைப் பார்த்தாக வேண்டும்.

மாதம் ஒரு முறை, இருட்டில், முழுத்திரையில் ஒரு நடுச்சாம்பல் படத்தைத் திறந்து, ஸ்லைடரைப் பாதிக்குக் கீழே வைத்துப் பாருங்கள். பொத்தான்களின் வடிவம் தெரிந்தால் போனை அணைத்து ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் காலை மறுபடி பாருங்கள். மறைந்திருந்தால் அது தற்காலிகத் தடம். அப்படியே இருந்தால் தேய்ந்துவிட்டது, திரும்பாது. நிறங்களைப் பளிச்சு பளிச்சென்று மாற்றி ‘சரிசெய்யும்’ வீடியோக்களை இரவெல்லாம் ஓடவிடாதீர்கள். அவை மீதமுள்ள நல்ல புள்ளிகளையும் தேய்த்து மட்டப்படுத்தத்தான் பார்க்கின்றன. அதைவிட, அந்தப் பொத்தானை அமைப்புப் பக்கத்தில் அரை விரல் அகலம் தள்ளி வையுங்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும், தேய்மானமும் வேறு புள்ளிகளுக்குப் பிரிந்து போகும்.